இணை நிறுவனர் விலகும்போது: பங்கு மாற்றம், முதலீட்டாளர் அறிவிப்பு, ரகசியக் காப்பு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நானும் என் நண்பரும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். இரண்டரை ஆண்டில் அவர் விலகுகிறார். இயக்குநர் பதவியை ராஜினாமா செய்து கடிதம் கொடுத்துவிட்டார். இத்துடன் முடிந்ததல்லவா?

முடியவில்லை. உங்கள் நண்பருக்கு நிறுவனத்தோடு மூன்று தனித்தனி உறவுகள் இருக்கின்றன. அவர் இயக்குநர், பங்குதாரர், நிறுவனத்தின் உள் விவரங்களை அறிந்தவர். ராஜினாமாக் கடிதம் முதல் உறவை மட்டுமே அறுக்கிறது. பங்குகள் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. அவர் அறிந்தவையோ, எந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டாலும் அவர் நினைவிலிருந்து போகப்போவதில்லை.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், தமிழ் பேசும் இளைஞர்களின் சிறு நிறுவனங்களுக்கு ஒரு கம்பெனி செகரட்டரியாக நான் வேலை செய்திருக்கிறேன். அங்கே அடிக்கடி கண்ட பிழை ஒன்றுதான்: வேலைகளின் வரிசை மாறிப்போவது. நட்பு கெடக்கூடாது என்று அவசரமாகப் பங்கை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். முதலீட்டாளருக்குப் பிறகு சொல்கிறார்கள். முதலில் அறிவிப்பு, பிறகு கையெழுத்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த வரிசையைப் பற்றியவைதாம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காதிருக்க ஒரு நிறுவனத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். தென்னை நார்த்தூள் கட்டிகளில் ஈரத்தையும் உப்புத்தன்மையையும் அளக்கும் கருவி செய்கிற நிறுவனம். இரண்டு நிறுவனர்கள், ஆளுக்கு 5,000 பங்குகள், முகமதிப்பு 10 ரூபாய். பிறகு இரண்டு முதலீட்டாளர்கள், ஒருவர் கோவையில், ஒருவர் கொச்சியில், சேர்ந்து 40 லட்சம் ரூபாய் போட்டு, பங்கு 1,600 ரூபாய் வீதம் 2,500 பங்குகள் வாங்கினார்கள். ஆக மொத்தம் 12,500 பங்குகள். கருவியை வடிவமைத்தவர் 30 மாதங்கள் கழித்து விலகுகிறார். விற்பனையைப் பார்த்தவர் தங்குகிறார்.

அப்படியானால் ராஜினாமாவை எப்போது ஏற்பது? கடிதம் என் கையில் இருக்கிறது.

அதை நீங்கள் ஏற்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் சிக்கல். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 168-இன்படி, கடிதம் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த நாள் அல்லது கடிதத்தில் குறிப்பிட்ட நாள், இவற்றில் எது பிந்தியதோ அன்று ராஜினாமா தானாகவே நடைமுறைக்கு வரும். இயக்குநர் குழு அதைப் பதிவு செய்துகொள்கிறது, அவ்வளவே. 30 நாளுக்குள், இயக்குநர் மாற்றத்தைத் தெரிவிக்கும் DIR-12 படிவத்தை எர்ணாகுளத்தில் உள்ள நிறுவனப் பதிவாளருக்கு இணையவழியே தாக்கல் செய்ய வேண்டும்.

பிரைவேட் நிறுவனத்துக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இருப்பதே இருவர். ஒருவர் போனதும் மற்றவரால் குழுக் கூட்டமே நடத்த முடியாது, ஏனென்றால் கூட்டத்துக்கு இருவர் வர வேண்டும். தனியே எஞ்சியவருக்குச் சட்டம் விடும் வழி குறுகலானது: இன்னொரு இயக்குநரைச் சேர்க்கலாம், அல்லது பொதுக்கூட்டம் கூட்டலாம். பங்கு மாற்றத்துக்கு ஒப்புதல் தர அவரால் முடியாது.

ஆகவே விலகுபவரிடம், கடிதத்தில் ஒரு பிந்தைய நாளைக் குறிப்பிட்டுத் தரும்படி கேளுங்கள். 45 நாள் கழித்து என்று வைத்தால் போதும். அந்த இடைவெளியில் புதிய இயக்குநரைச் சேர்த்துவிட்டு, பங்கு மாற்றத்தை இருவரும் இருக்கும் கூட்டத்திலேயே முடித்துவிடலாம். விலகும் நாளைக் குறிப்பிடாத கடிதம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தால், முதல் வேலை இன்னொரு இயக்குநரைத் தேடுவதுதான்.

முதலீட்டாளர்களிடம் எப்போது சொல்வது? எல்லாம் முடிந்த பிறகு நல்ல செய்தியாகச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

அந்த நினைப்பு பலரை வழக்கு வரை கொண்டுபோய் நிறுத்தும். முதலீடு வந்த அன்று கையெழுத்திட்ட பங்குதாரர் ஒப்பந்தத்தை எடுத்து, நிறுவனர் பங்கைப் பற்றிய பக்கங்களை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் மூன்று விஷயங்கள் இருக்கும். ஒன்று, குறிப்பிட்ட காலம் வரை நிறுவனர் முதலீட்டாளரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றிப் பங்கை விற்கக்கூடாது. இரண்டு, விற்பதானால் முதலில் மற்ற பங்குதாரர்களுக்கு அதே விலையில் வாங்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அதற்கு ஒரு கால அளவு, பெரும்பாலும் 30 நாள், இருக்கும். மூன்று, நிறுவனர் விலகுவதே முதலீட்டாளருக்குத் தெரிவிக்க வேண்டிய நிகழ்வு.

இந்த மூன்றில் எதையாவது மீறினால், நீங்கள் செய்த பங்கு மாற்றம் கேள்விக்குள்ளாவது மட்டுமல்ல, நீங்கள் முதலீட்டு ஒப்பந்தத்தையே மீறியவர்கள் ஆவீர்கள். ஒப்பந்தம் கடுமையானதாக இருந்தால் முதலீட்டாளர் தம் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையும் அதனால் பிறக்கலாம். எனவே, விலகுவது உறுதி என்று இருவரும் முடிவெடுத்த வாரத்திலேயே அறிவிப்பு போக வேண்டும். பங்கு எத்தனை, விலை என்ன என்பது முழுதாகத் தீராமல் இருக்கலாம், அதற்காகக் காத்திருக்காதீர்கள். விலகல் அறிவிப்பை முதலில் அனுப்புங்கள். பங்கு பற்றிய அறிவிப்பு, விவரம் தீர்ந்ததும் தனியாகப் போகட்டும்.

இரண்டு முதலீட்டாளருக்கும் ஒரே நாளில் போக வேண்டும் என்பதையும் வற்புறுத்திச் சொல்கிறேன். கோவையில் இருப்பவர் பக்கத்தில் இருக்கிறாரே என்று நேரில் போய்ப் பேசிவிட்டு, கொச்சியில் இருப்பவருக்குப் பத்து நாள் கழித்துக் கடிதம் அனுப்பிய நிறுவனம் ஒன்றை எனக்குத் தெரியும். பங்கு மாற்றத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பத்து நாளுக்காக, அடுத்த ஓராண்டு ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கொச்சியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துகொண்டே இருந்தது.

அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா? அதில் என்ன எழுத வேண்டும்?

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் அறிவிப்பு எப்படித் தரப்பட வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும்: பதிவுத் தபாலா, கூரியரா, மின்னஞ்சலா, எந்த முகவரிக்கு, எத்தனை நாளில் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்று. 30 நாள் கணக்கு அந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. வாட்ஸ்அப் அந்தப் பத்தியில் இல்லையென்றால், நீங்கள் அனுப்பியது மரியாதைக்கான தகவல். சட்டப்படியான அறிவிப்பு ஆகாது. முதலில் தொலைபேசியில் பேசுங்கள், அன்றே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள்.

இதில் வரும் வெஸ்டிங் என்பது, நிறுவனர் வேலை செய்த காலத்துக்கு ஏற்பப் பங்குகள் படிப்படியாக அவருக்கே உரியவையாவது; 1,875 என்ற கணக்கு கீழே வருகிறது. நடை இப்படி இருந்தால் போதும்:

"எங்கள் பங்குதாரர் ஒப்பந்தத்தின் அறிவிப்புப் பிரிவின்படி இதைத் தெரிவிக்கிறோம். நிறுவனர்களில் ஒருவர் இயக்குநர் பொறுப்பிலிருந்தும் முழுநேர வேலையிலிருந்தும் கீழே குறிப்பிட்ட நாளில் விலகுகிறார். அவர் பெயரில் உள்ள 5,000 பங்குகளில், வெஸ்டிங் ஆகாத 1,875 பங்குகளை, பங்கு 10 ரூபாய் வீதம், தொடரும் நிறுவனருக்கு மாற்ற முன்வைக்கிறோம். ஒப்பந்தத்தின்படி உங்களுக்குள்ள ஒப்புதல் உரிமையையும் முதலில் வாங்கும் உரிமையையும் 30 நாளுக்குள் பயன்படுத்தவோ, வேண்டாம் என்று எழுத்தில் தெரிவிக்கவோ கேட்டுக்கொள்கிறோம். கருவி வடிவமைப்புப் பொறுப்பை இனி ஏற்பவர், ஒப்படைப்பு முடியும் நாள், இரண்டும் இணைப்பில் உள்ளன."

இருவரும் கையெழுத்திடுங்கள். ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட அறிவிப்பைப் படிப்பவர், சண்டை என்று எண்ணிக்கொள்வார். விலகும் காரணத்தை எழுதாதீர்கள். கோபத்தில் எழுதிய ஒரு வரி, பின்னாளில் அவர் "நல்ல முறையில் விலகியவரா, தவறு செய்து விலகியவரா" என்ற கேள்விக்குச் சான்றாகக் காட்டப்படும். பல ஒப்பந்தங்களில் அந்தப் பதிலைப் பொறுத்தே பங்கின் விலை மாறும்.

பதில் வராமல் 30 நாள் கடந்தால்? வாங்கும் உரிமையைக் கைவிட்டதாகக் கொள்ளலாம் என்று சில ஒப்பந்தங்கள் சொல்கின்றன. ஆனால் ஒப்புதல் தேவைப்படும் இடத்தில் மௌனம் பெரும்பாலும் ஒப்புதலாகாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே அடுத்த அடி.

எங்கள் பங்குதாரர் ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் நிறுவன விதிகளில் (ஆர்ட்டிகிள்ஸ்) அது இல்லை. எது செல்லும்?

இதற்கு 1991-இல் உச்ச நீதிமன்றம் தந்த ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் தீர்ப்பைத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் பிரைவேட் நிறுவனம். குடும்பத்தின் இரு கிளைகளும் சம பங்கு வைத்திருப்பது, விற்பதானால் முதலில் தம் கிளையாருக்கே தருவது என்று தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். ஒருவர் மறு கிளைக்கு விற்றுவிட்டார். நிறுவன விதிகளில் எழுதப்படாத இப்படியொரு கட்டுப்பாடு நிறுவனத்தையும் கட்டாது, பங்குதாரர்களையும் கட்டாது என்று நீதிமன்றம் சொன்னது.

பிற்காலத் தீர்ப்புகளில் இதன் எல்லை பற்றி வாதங்கள் நடந்திருக்கின்றன. ஆனாலும் சிறு நிறுவனம் வாதத்தை நம்பி இருக்கக்கூடாது. முதலீடு வந்த அன்றே ஒப்பந்தத்தின் பங்கு மாற்றப் பிரிவுகளை நிறுவன விதிகளுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால், நிறுவனர் விலகுவதற்கு முன்பே, எல்லாரும் ஒரே மனதாக இருக்கும்போதே, சிறப்புத் தீர்மானம் போட்டுத் திருத்திவிடுங்கள். அவர் விலகி, பேச்சு கசந்த பிறகு அது ஏன் கடினம் என்பதைக் கீழே உள்ள 25 சதவீதக் கணக்கில் காண்பீர்கள்.

அவர் பங்குகளில் எத்தனை திரும்பி வர வேண்டும்? நிறுவனமே வாங்கிக்கொள்ளலாமா?

ஒப்பந்தத்தில் வெஸ்டிங் அட்டவணை இருந்தால் அதுதான் விடை. நம் நிறுவனத்தில் நான்கு ஆண்டு, மாதா மாதம், முதல் ஆண்டு முடியும் வரை ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 48 மாதத்தில் 30 மாதம் ஆகிவிட்டது. 5,000 பங்கில் 3,125 அவருடையவை. 1,875 திரும்ப வேண்டும். அட்டவணையே இல்லையென்றால், சட்டப்படி 5,000 பங்கும் அவருடையவைதாம். பேசித் தீர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. முதலீடு வாங்காமல் நண்பர்களாகத் தொடங்கிய நிறுவனங்களில் பெரும்பாலும் இந்த நிலைதான்.

தன் பங்கைத் தானே வாங்குவதற்கு நிறுவனத்துக்குச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. பங்கு மீட்பு என்ற விலக்கு உண்டு. அதற்கு நிறுவன விதிகளில் அனுமதி வேண்டும், அளவைப் பொறுத்துத் தீர்மானம் வேண்டும், செலுத்தப்பட்ட மூலதனமும் பங்காதாயம் தரப் பயன்படுத்தக்கூடிய கையிருப்பும் சேர்ந்த தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதோடு, கருவி செய்ய வந்த பணம் விலகுபவர் கைக்குப் போவதை எந்த முதலீட்டாளரும் விரும்பமாட்டார். ஆகவே, தொடரும் நிறுவனர் தம் சொந்தப் பணத்தில் வாங்குவதே நடைமுறை.

பங்கு மாற்றத்துக்கான SH-4 படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டேன். வேறு என்ன?

முதலில் பங்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். சிறு நிறுவனங்களில் இது அச்சிடப்படாமலே இருப்பது வழக்கம். தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டியது. SH-4 உடன் சான்றிதழையும் சேர்த்தே நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

பிறகு தேதி. படிவத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் அது நிறுவனத்தை அடைய வேண்டும். முதலீட்டாளர் ஒப்புதல் வருவதற்கு முன்பே கையெழுத்து வாங்கி வைத்தால் இந்த 60 நாள் வீணே ஓடிவிடும். வரிசை முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தேதியை வெறுமையாக விட்டு வாங்கி வைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின்னாளில் அந்தக் கையெழுத்தின் நேர்மையே கேள்விக்குள்ளாகும்.

மூன்றாவது முத்திரைத் தீர்வை. 2020 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஒரே விகிதம்: எழுதிய விலையில் 0.015 சதவீதம். 1,875 பங்குக்குப் பத்து ரூபாய் வீதம் 18,750 ரூபாய். தீர்வை மூன்று ரூபாய்கூட வராது. விற்பவர் கட்ட வேண்டும். தொகை சிறியது என்று விட்டுவிடுகிறார்கள், அல்லது முத்திரை வில்லையை ஒட்டிவிட்டுக் குறுக்கே கோடு கிழித்து ரத்து செய்ய மறந்துவிடுகிறார்கள். ரத்து செய்யாத வில்லை ஒட்டாததற்குச் சமம். முறையாக முத்திரையிடாத படிவத்தை நிறுவனம் பதிவு செய்யக்கூடாது.

இதன் பிறகு இயக்குநர் குழு தீர்மானம், உறுப்பினர் பதிவேட்டில் பதிவு, புதிய சான்றிதழ்கள். 5,000 பங்குக்கு ஒரே சான்றிதழ் இருந்தால், வாங்கியவருக்கு 1,875-க்கும் விலகியவருக்கு மீதி 3,125-க்கும் தனித்தனிச் சான்றிதழ், படிவம் வந்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். இவை எல்லாம் சட்டத்தின் வரையறைப்படி சிறு நிறுவனமாக இருப்பவற்றுக்கு. அந்த வரையறையைத் தாண்டிய பிரைவேட் நிறுவனங்களில் பங்குகள் டீமேட் கணக்கில் இருக்க வேண்டும் என்பதால் அங்கே SH-4 வழி மூடிவிட்டது.

10 ரூபாய்க்கு வாங்கிய பங்கை 10 ரூபாய்க்கே மாற்றுகிறோம். லாபமே இல்லை. வரி எப்படி வரும்?

வரும், இருவருக்கும் வரும். எத்தனை பேரின் முகம் இந்த இடத்தில் வாடியதைப் பார்த்திருக்கிறேன். பட்டியலிடப்படாத பங்கை நியாயச் சந்தை மதிப்புக்குக் குறைவாக விற்றால், விற்றவருக்கு அந்த மதிப்பே கிடைத்ததாகக் கொண்டு மூலதன ஆதாயம் கணக்கிடப்படும். வாங்கியவருக்கு, வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அந்த வித்தியாசம் முழுவதும் வருமானமாகச் சேரும்.

இங்கே நியாயச் சந்தை மதிப்பு என்பது முதலீட்டாளர் கொடுத்த 1,600 ரூபாய் அல்ல. நிறுவனத்தின் சொத்திலிருந்து கடனைக் கழித்து, பங்கு எண்ணிக்கையால் வகுத்து வருவது. நம் நிறுவனத்தில் வங்கியிருப்பு, கருவிகள், சரக்கு எல்லாம் 22 லட்சம், கடன்கள் 7 லட்சம் என்று வைப்போம். மிச்சம் 15 லட்சத்தை 12,500-ஆல் வகுத்தால் பங்குக்கு 120 ரூபாய். 1,875 பங்குக்கு 2,25,000 ரூபாய். எழுதிய விலை 18,750. வித்தியாசம் 2,06,250 ரூபாய்.

விலகியவர் பங்கை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்ததால் அவருக்கு நீண்டகால ஆதாயம், 12.5 சதவீதத்தில் சுமார் 25,780 ரூபாய், மேல்வரி தனி. அதாவது 18,750 ரூபாய் பெற்றவர் அதைவிட அதிகமாக வரி கட்டுகிறார். வாங்கியவர் அதே 2,06,250 ரூபாயைத் தம் வருமானத்தில் சேர்த்து, தம் விகிதப்படி கட்டுகிறார்.

ஆகவே விலையை நீங்களே முடிவுசெய்யும் முன், மாற்ற நாளுக்கான தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்பை வைத்து மதிப்பைக் கணக்கிடும்படி ஆடிட்டரிடம் சொல்லுங்கள். விலகுபவரின் வரியை யார் ஏற்பது என்று ஒரு வரி விலகல் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நான் பார்த்த நல்ல தீர்வு, தங்குபவர் அந்தத் தொகையைப் பங்கு விலையிலேயே கூட்டிக் கொடுப்பது. நிறுவனத்தின் வங்கியிருப்பு குறைவாக இருக்கும் நாளில் மதிப்பும் குறைவாக வரும். முதலீடு வந்த மறுவாரத்தில் விலகுவது வரிக் கணக்கில் மிக மோசமான நேரம்.

மீதி 3,125 பங்கை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? நண்பர்தானே.

விடலாம். ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டு விடுங்கள். மாற்றத்துக்குப் பிறகு தங்கியவரிடம் 6,875 பங்குகள், அதாவது 55 சதவீதம். விலகியவரிடம் 25 சதவீதம். முதலீட்டாளர்களிடம் 20 சதவீதம். நிறுவன விதிகளைத் திருத்தவும், புதிய முதலீட்டாளருக்குப் பங்கு வெளியிடவும் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு ஆதரவு வாக்கு எதிர் வாக்கைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது.

பங்கு எண்ணிக்கையில் வாக்கெடுத்து அவர் எதிர்த்தால்: எதிர் வாக்கு 3,125, தங்கியவரும் முதலீட்டாளரும் சேர்ந்து 9,375. சரியாக மூன்று மடங்கு, ஒரு வாக்குகூட உபரி இல்லை. இரு முதலீட்டாளரில் ஒருவர் அன்று வாக்களிக்கத் தவறினால் தீர்மானம் தோற்கும். நண்பர் கெட்டவராக மாற வேண்டியதில்லை. கடிதத்துக்குப் பதில் தராமல் வெளிநாட்டில் இருந்தாலே, அடுத்த முதலீட்டாளரின் வழக்கறிஞர் இந்த 25 சதவீதத்தைச் சுட்டிக்காட்டுவார்.

இதைச் சரிசெய்ய அவருடைய 3,125-இலும் ஒரு பகுதியை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்வது ஒரு வழி. அடுத்த முதலீட்டுச் சுற்றில் அவர் தங்கியவரைப் பின்பற்றி வாக்களிப்பார் என்று விலகல் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது மற்றொரு வழி. உழைத்துச் சம்பாதித்த பங்கைப் பறிப்பதை நான் எப்போதும் எதிர்க்கிறேன். பங்கின் பணமதிப்பு அவருக்கு, வாக்கின் கட்டுப்பாடு நிறுவனத்துக்கு என்று பிரிப்பது இருவருக்கும் நியாயம்.

அவர் கோபாலபுரத்தில் இதே கருவி செய்யும் கடை தொடங்கப்போவதாகக் கேள்வி. மூன்று ஆண்டு போட்டி செய்யக்கூடாது என்று எழுதி வாங்கினால் தடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-இன்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது. வணிகத்தின் நற்பெயரை விற்பவருக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஒப்பந்தக் காலம் நடக்கும்போது தடுப்பது செல்லும் என்று 1967-இல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடை செல்லாது என்பதை 2006-இல் ஜாகீர் கான் தொடர்பான பெர்செப்ட் டி'மார்க் வழக்கில் மீண்டும் உறுதி செய்தது.

உங்களுக்கு உள்ள உண்மையான கவசம் ரகசியக் காப்பு. அவர் கருவி செய்யலாம். உங்கள் அளவீட்டு அட்டவணையை வைத்துச் செய்யக்கூடாது. ரகசியக் காப்பு விலகிய பிறகும் தொடரும் என்று எழுதினால் அது செல்லும். வணிக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இன்னும் இல்லை. சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. அதுவரை உங்கள் ஒப்பந்தத்தின் சொற்களே பலம். அதனால்தான் "நிறுவனத்தின் எல்லாத் தகவலும் ரகசியம்" என்ற வரியை நான் விரும்புவதில்லை. எல்லாவற்றையும் ரகசியம் என்பவர் நீதிமன்றத்தில் எதையும் காட்ட முடியாமல் நிற்பார்.

நம் நிறுவனத்துக்கு எழுதினால், நார்த்தூளின் வகை வாரியாக, கழுவியது, கழுவாதது என்று நூற்றுக்கணக்கான மாதிரிகளை அளந்து சேர்த்த அட்டவணை ரகசியம். பொள்ளாச்சியிலும் சித்தூர்ப் பக்கமும் யார் யார் நார்த்தூள் ஏற்றுமதி செய்கிறார்கள் என்பது ரகசியம் அல்ல; சாலையில் போகிற எவருக்கும் தெரியும். ஆனால் அவர்களில் யாருக்கு எத்தனை சதவீதத் தள்ளுபடி, யாருடைய ஆண்டுச் சேவை ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்பது ரகசியம். உணர்கருவியை எப்படிச் சூடு தாங்கும்படி பொதிவது என்ற பொது அறிவு அவருடைய திறமை. அதைத் தடுக்க நினைக்காதீர்கள். இந்தப் பட்டியலை ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் ஒவ்வொரு வரியையும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுங்கள். விலைத் தகவலுக்கு இரண்டு மூன்று ஆண்டு போதும். அதற்குள் அது பழையதாகிவிடும். அட்டவணைக்கு, அது பொதுவெளிக்கு வராத வரை என்று எழுதலாம்.

இன்னொரு பக்கம் அடிக்கடி மறக்கப்படுகிறது. அவர் இன்னும் 25 சதவீதப் பங்குதாரர். ஆண்டு நிதிநிலை அறிக்கையைப் பெற அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆகவே ரகசியக் காப்பு, "முன்னாள் இயக்குநராகப் பெற்றது" என்பதோடு நிற்காமல், "பங்குதாரராக இனிப் பெறுவது" என்பதையும் அடக்க வேண்டும்.

மென்பொருளும் சுற்றுப்படமும் அவர் தன் வீட்டில் உட்கார்ந்து எழுதியவை. அவை யாருடையவை?

சம்பள ஒப்பந்தத்தின் கீழ் ஊழியராக எழுதியிருந்தால் பதிப்புரிமை நிறுவனத்துடையது. ஆனால் சம்பளமே வாங்காமல், பணி ஒப்பந்தமும் இல்லாமல் முதல் ஆண்டை ஓட்டிய நிறுவனர்களே அதிகம். அப்படியானால் எழுதியவரே உரிமையாளர் என்று வாதிட இடம் உண்டு. ரகசியக் காப்பு இந்தக் குறையை நிரப்பாது. தன் சொந்தப் பொருளை ஒருவர் பயன்படுத்துவதை ரகசியம் என்று தடுக்க முடியுமா?

விலகல் ஒப்பந்தத்துடன் உரிமை மாற்றப் பத்திரம் ஒன்றும் எழுத்தில் வேண்டும். அதில் கால அளவையும் நில எல்லையையும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19, காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளச் சொல்கிறது. ஏற்றுமதியாளருக்குக் கருவி விற்கும் நிறுவனத்துக்கு இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று எண்ணிப் பாருங்கள். இந்தப் பத்திரத்தில் கையெழுத்தாகாமல் பங்குக்கான பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நிறுவனம் பாலக்காட்டில், அவர் பொள்ளாச்சியில். ஒப்பந்தத்தை எந்த மாநில முத்திரைத்தாளில் எழுதுவது?

பங்கு மாற்றத்தின் தீர்வை எங்கும் ஒன்றே என்பதால் அதில் எல்லைப் பிரச்சினை இல்லை. விலகல் ஒப்பந்தம் வேறு. அது மாநிலக் கட்டணத்துக்கு உட்பட்டது; தமிழ்நாட்டில் எழுதிக் கேரளத்தில் பயன்படுத்தினால், இங்கே தீர்வை அதிகமாக இருந்தால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டிவரும். நிறுவனம் உள்ள மாநிலத்திலேயே இருவரும் கையெழுத்திடுவது எளிது. எல்லையைத் தாண்டி வர அதிக நேரம் ஆகாதே. வழக்கானால் எந்த ஊர் நீதிமன்றம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு பிரிவையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். அப்போதுதான் "இதற்கா நான் ஒப்புக்கொண்டேன்?" என்ற கேள்வி, எழ வேண்டிய நேரத்தில் எழுகிறது.

அடுத்த மாதம் நான் துபாய் போகிறேன். பங்கு மாற்றத்தை அங்கிருந்து செய்யலாமா?

போவதற்கு முன் முடியுங்கள். வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டால், உங்களுக்குப் பணம் தருபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் தர வேண்டும். அன்னியச் செலாவணி விதிகளும் சேர்ந்துகொள்ளும். 60 நாள் கெடு உள்ள காகிதத்தில் சாட்சியோடு கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்புவதும் தலைவலிதான்.

விலகுபவன் நான். எல்லாரும் நிறுவனத்தின் பாதுகாப்பையே பேசுகிறீர்கள். எனக்கு என்ன?

நியாயமான கேள்வி. நிறுவனம் DIR-12 தாக்கல் செய்யாமல் காலம் கடத்தினால், பதிவேட்டில் நீங்கள் இன்னும் இயக்குநராகவே தெரிவீர்கள். நீங்களே DIR-11 படிவத்தைத் தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது; ராஜினாமாவை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, சேர்ந்ததற்கான ரசீதை வைத்திருங்கள். பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கான பொறுப்பு விலகிய பிறகும் உங்களைத் தொடரும். எனவே வரி, பி.எஃப். நிலுவைகள் என்ன என்பதை நிறுவனம் எழுதித் தரக் கேளுங்கள்.

வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்திருந்தால், ராஜினாமா அதைத் தொடாது. வங்கி எழுத்தில் விடுவிக்கும் வரை அது உங்கள் தலையில்தான். பங்கை விற்றுவிட்டு ஜாமீனை மட்டும் சுமந்துகொண்டு நின்றவரைப் பார்த்திருக்கிறேன். நிறுவனம் நன்றாக நடந்ததால் அவர் தப்பினார். ஜாமீன் விடுதலைக் கடிதத்தை, பங்கு மாற்றத்தின் நிபந்தனையாக வையுங்கள்.

ரகசியக் காப்புப் பட்டியலில், நிறுவனத்துக்கு வருமுன்பே உங்களுக்குத் தெரிந்திருந்தவை என்று ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் உள்ள கோப்புகளை நீங்களாக அழிக்காதீர்கள். அழித்தது சான்றை மறைத்ததாகப் பேசப்படலாம். இருவரும் உட்கார்ந்து, நிறுவனத்துக்கு நகல் ஒப்படைத்து, பிறகு சேர்ந்தே அழித்து, இன்ன நாளில் இன்னின்ன கோப்புகள் என்று ஒரு தாளில் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.